'வா' என்பதும் 'வாருங்கள்' என்பதும்

தமிழில் ஒருவரை வரவேற்கும் சொல் எது என்று கேட்டால், 'வணக்கம்' என்று மாணவர் பலர் உடனே விடை கூறுவர். மேடையிலும் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் அது பொருந்தும். ஆனால் நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் அத்தையை நோக்கி நாம் 'வணக்கம்' என்று சொல்வதில்லை. 'வாங்க அத்தை' என்றே சொல்கிறோம். விளையாடுவதற்கு அழைக்க வந்த தோழனை 'வாடா' என்கிறோம். தவழ்ந்து வரும் தங்கையை 'வா கண்ணு, வா' என்கிறோம். ஆகவே தமிழர் வீடுகளில் உண்மையான வரவேற்புச் சொல் 'வா' என்னும் வினையே ஆகும். வந்தவர் யார் என்பதற்கு ஏற்ப அவ்வினையின் ஈறு மட்டும் மாறுகின்றது. 'வா போ என்று பேசுகிறான்' என்று ஒருவரைக் குறை கூறுவதும், 'அவர்கள் வாடா போடா நண்பர்கள்' என்று இருவர் நெருக்கத்தைச் சிறப்பித்துக் கூறுவதும் நம் வழக்கம். பழிப்புக்கும் பாராட்டுக்கும் ஒரே வினை அளவுகோலாக நிற்பதைப் பாருங்கள்.

இந்த ஈறு எங்கிருந்து வந்தது? பழந்தமிழில் முன் நிற்பவர் ஒருவராயின் 'நீ' என்றும், பலராயின் 'நீயிர்' என்றும் கூறினர். மன்னனையும் புலவர் 'நீ' என்றே பாடினர். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஒருவரைப் பலர் போல வைத்துப் பன்மையால் கூறும் வழக்கம் பின்னர்ப் பெருகியது. அவ்வழக்கம் தொல்காப்பியர் காலத்திலேயே இருந்தது என்பதை அவர் நூலால் அறிகிறோம். உயர்த்திச் சொல்வதற்காக ஒருவரைப் பன்மையால் கூறுதல் உலக வழக்கில் உண்டு என்றும், ஆயினும் அது இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்றும் அவர் குறிப்பிடுகின்றார். வழக்கை மறுக்கவும் இல்லை. இலக்கணத்தில் முழுமையாக ஏற்கவும் இல்லை. பின்வந்த காலத்தில் வழக்கே வென்றது. 'நீர்' என்பது ஒருவரை மதித்துக் கூறும் சொல்லாயிற்று. அதுவும் நாளடைவில் தேய்ந்தபோது, அதற்கு மேலும் ஒரு பன்மை ஈறு சேர்ந்த 'நீங்கள்' மரியாதைச் சொல்லாக நிலைத்தது. 'வாரும்' என்பதன் மேல் 'வாருங்கள்' என்பது எழுந்ததும் இவ்வாறே. இன்றைய பேச்சில் அது 'வாங்க' என்று சுருங்கியுள்ளது. மயிலாப்பூர் மாடவீதிகளை அடுத்த பழைய வீடுகள் சிலவற்றில் அதனையே 'வாங்கோ' என்று கேட்கலாம்.

'நீர்', 'வாரும்' என்னும் நடுப்படி எல்லா ஊரிலும் மறைந்துவிடவில்லை. யாழ்ப்பாணத் தமிழர் பேச்சில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படிகள் இன்றும் உள்ளன. 'வா', 'வாரும்', 'வாங்கோ' என்பன அவற்றுக்கு ஏற்றவை. திருநெல்வேலிப் பக்கத்திலும் ஒத்த வயதினர் 'வாரும்' என்று பேசுவதுண்டு. சென்னையிலோ அந்த நடுப்படி ஏறத்தாழ இல்லை. 'வா' என்ற தரையிலிருந்து 'வாங்க' என்ற மாடிக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டியிருக்கிறது. தன்னைவிட ஐந்து வயது இளைய கடைக்காரரை 'வாங்க' என்றால் மிகையாகத் தோன்றுகிறது. 'வா' என்றாலோ முரடாக ஒலிக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பவே சென்னை மக்கள் 'வாப்பா', 'வாம்மா' என்னும் வடிவங்களை மிகுதியாக ஆள்கின்றனர். 'அப்பா', 'அம்மா' என்னும் சொற்களே அங்கு ஒட்டிக்கொண்டு 'வா' என்பதன் கூர்மையை மழுக்குகின்றன.

தியாகராய நகரில் இரங்கநாதன் தெருவில் ஒரு மாலை நடந்து பார்த்தால் இப்படிகள் யாவும் செவியில் விழும். கடை வாயிலில் நிற்பவர், பதினாறு வயதுப் பெண்ணையும் அறுபது வயது மூதாட்டியையும் ஒன்றுபோல 'வாங்க, வாங்க' என்றே அழைக்கிறார். 'அக்கா', 'அம்மா', 'சார்' என்று முறைப்பெயர் மட்டும் மாறும். வாங்க வந்தவர் அனைவரும் உயர்ந்தவர் என்பது வணிக நெறி. ஆனால் வாங்குவோர் விடை கூறும்போது அவரவர் வளர்ப்புத் தெரிந்துவிடும். 'என்னப்பா விலை?' என்று ஒருவர் கேட்கிறார். 'எவ்வளவுங்க?' என்று மற்றொருவர் கேட்கிறார். 'என்ன விலை?' என்று மூன்றாமவர் கேட்கிறார். இம்மூன்றாமவர் கேட்டதில் மதிப்பும் இல்லை, அவமதிப்பும் இல்லை; எதிரில் இருப்பவரைச் சுட்டாமலே அவர் கேட்டுவிட்டார்.

இங்கே தமிழின் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். நம் வினைமுற்றுகளில் பெரும்பாலானவை எதிரில் நிற்பவரைக் காட்டிவிடுகின்றன. 'எங்கே போகிறாய்?' என்றாலும் 'எங்கே போகிறீர்கள்?' என்றாலும் தேர்வு முடிந்துவிட்டது. ஆனால் 'வேண்டும்', 'ஆயிற்று' போன்ற சில வினைகளில் இந்தச் சுட்டு இல்லை. 'எங்கே போக வேண்டும்?' என்று தானிக்காரர் கேட்கும்போது, ஏறவந்தவர் சிறுவரா முதியவரா என்று தீர்மானிக்கும் தொல்லை அவருக்கு இல்லை. 'சாப்பாடு ஆயிற்றா?' என்று, பேச்சில் 'சாப்பிட்டாச்சா?' என்று, கேட்பது வணக்கம் போலவே வழங்கும் ஒரு வினா. அண்டை வீட்டாரையும் அலுவலகத் தோழரையும் நாம் அவ்வாறு வினவுகிறோம்; அவர் உண்டாரா என்று அறிவது மட்டும் அதன் நோக்கமன்று. ஒருவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று ஐயம் எழும்போதெல்லாம் தமிழர் இத்தகைய வினைகளுக்குள் புகுந்துகொள்கின்றனர். இக்காலத்தில் இளைஞர் 'ஹலோ' என்றும் 'ஹாய்' என்றும் தொடங்குவதற்கும் இதுவே ஒரு காரணம் எனலாம். அச்சொற்களுக்கு ஈறு மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் அடுத்த வாக்கியம் தமிழில் வந்தே தீரும்; அப்போது ஐயமும் திரும்பி வந்துவிடும்.

இனி, இத்தேர்வு ஒரே மாலையில் எத்தனை வகையாக எழுகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். நவராத்திரி நாள்களில் மயிலாப்பூரில் பல வீடுகளில் கொலு வைப்பர். கொலுவைக் காணவும் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் பெற்றுச் செல்லவும் அண்டை அயலாரை அழைப்பது வழக்கம். அழைக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் வீட்டுச் சிறுமியிடம் கொடுத்துவிடுவர். கபாலீசுவரர் கோயில் குளத்துக்கு அருகே வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வாறு புறப்படுகிறாள் என்று கொள்வோம்.

அவள் முதலில் செல்வது அடுத்த வீட்டுப் பாட்டியிடம். 'பாட்டி, எங்கள் வீட்டில் கொலு வைத்திருக்கிறோம். சாயங்காலம் வாங்க' என்கிறாள். முறைப்பெயரை முதலில் கூறி, வினையைப் பின்னர் உயர்த்திச் சொன்னாள், அவ்வளவே தேவை. இதில் குழந்தைகள் தவறும் இடம் ஒன்று உண்டு. தன் சொந்தப் பாட்டியை அவள் 'பாட்டி, நீ வா' என்றே அழைத்துப் பழகியிருக்கலாம். பல தமிழ் வீடுகளில் தாய்க்கும் பாட்டிக்கும் 'நீ'தான்; தந்தைக்கு மட்டும் 'நீங்கள்'. வேறு சில வீடுகளில் தந்தையும் 'நீ'யே. அங்கே 'நீ' என்பது நெருக்கத்தின் சொல். கடவுளை நாம் 'நீ' என்று அழைப்பதும் அந்த உரிமையால்தான். கபாலீசுவரர் சந்நிதியில் கண்ணீர் மல்க 'நீதான் காக்க வேண்டும்' என்று முறையிடும் மூதாட்டி, வெளியே வந்து காவலரிடம் 'சற்று வழி விடுங்கள்' என்கிறார். கடவுளைவிடக் காவலரை அவர் மிகுதியாக மதித்தார் என்று எவரும் கொள்வதில்லை. ஆனால் தன் வீட்டில் பெற்ற இந்த உரிமை, அதே முறைப்பெயர் கொண்ட அயலாரிடம் செல்லாது. சொந்தப் பாட்டிக்கு 'வா' சரி. அடுத்த வீட்டுப் பாட்டிக்கு 'வாங்க' என்பதே சரி. 'பாட்டி' என்னும் பெயர் இருவருக்கும் பொதுவாக இருப்பதால்தான் சிறுவர் மயங்குகின்றனர். பெயரை உயர்த்திவிட்டு வினையைத் தாழ்த்தும் 'சார், இங்கே வா' என்பது போன்ற பிழையும் இவ்வாறு எழுவதே. தமிழில் மரியாதை பெயரில் இல்லை, வினையின் ஈற்றில்தான் இருக்கிறது என்பதைக் கேட்பவர் செவி நன்கு அறியும்.

அடுத்து, மாடியில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி. வயது முப்பது இருக்கும். 'அக்கா' என்பதா, 'மாமி' என்பதா, 'ஆன்ட்டி' என்பதா என்று சிறுமி தயங்குகிறாள். முறைப்பெயர் தவறினால் எதிரிலிருப்பவர் முகம் ஒரு நொடி சுருங்கும்; முப்பது வயதினரை 'பாட்டி' என்று ஒரு குழந்தை அழைத்துவிட்டால் அந்தத் தெருவே சில நாள் சிரிக்கும். இங்கே அவள் பெயரையே விட்டுவிட்டு, 'இன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அவசியம் வர வேண்டும்' என்கிறாள். மேலே கூறிய 'வேண்டும்' அவளைக் காப்பாற்றியது. பெரியோர் திருமண அழைப்பிதழோடு வந்து 'அவசியம் வர வேண்டும்' என்று சொல்வதும் இதே அமைப்புத்தான். அது தப்பித்தலாகவும் இருக்கிறது, மிகுந்த உபசாரமாகவும் இருக்கிறது. அப்பெண்மணி, 'என்னை அக்கா என்றே கூப்பிடு' என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. முதலில் உயரத்தில் தொடங்கினால் மற்றவர் இறங்கி வரச் சொல்வார். தாழ்வில் தொடங்கியவரை ஏறச் சொல்வது இருவருக்கும் கூச்சம். படியிறங்க அனுமதி அளிப்பது மூத்தவர் உரிமை.

மூன்றாவதாகத் தன் வகுப்புத் தோழி வீடு. அங்கே போனதும் 'ஏய், சாயங்காலம் சீக்கிரம் வாடி' என்கிறாள். இதில் தவறில்லை, தோழியரிடையே 'டி' உரிமையின் அடையாளம். ஆனால் உள்ளிருந்து தோழியின் பாட்டனார் வந்து ஊஞ்சலில் அமர்ந்தவுடன் அவள் 'ஆறு மணிக்கு வா' என்று 'டி'யை விட்டுவிடுகிறாள். பேசப்படுபவர் அவரல்லர், ஆயினும் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். பேசுபவர், கேட்பவர் என்னும் இருவரை மட்டும் எண்ணி ஈற்றைத் தேர்ந்தால் போதாது, அருகிலிருக்கும் மூன்றாமவரையும் எண்ண வேண்டும் என்பதை எந்த நூலும் கற்பிக்காமலே அவள் கற்றிருக்கிறாள். வகுப்பறையில் தோழனை 'டா' என்று அழைக்கும் மாணவன், அதே தோழன் மேடையேறிப் பேசும்போது அவனைப் பெயர் சொல்லி 'அவர்கள்' என்று அறிமுகம் செய்வதும் இதனாலேயே.

தோழியின் தம்பிக்கு நான்கு வயது. அவனிடம் குனிந்து, 'நீங்களும் வாங்க சார், உங்களுக்குச் சுண்டல் உண்டு' என்கிறாள். அவன் நாணிச் சிரிக்கிறான். ஏன் சிறு குழந்தையிடம் இந்த உயர்ந்த சொல்? இது விளையாட்டு என்பது ஒரு புறம் இருக்க, இதில் பயிற்சியும் உண்டு. குழந்தை தன்னிடம் பேசப்படும் சொல்லையே திருப்பிப் பேசும். அதனை நாள் முழுதும் 'வா, உட்கார், சாப்பிடு' என்று கூறினால், அது தாத்தாவையும் 'வா, உட்கார்' என்றே அழைக்கும். அது அதன் குற்றமன்று. ஆதலின் தாய்மார் சிலர் குழந்தையையே 'வாங்க, சாப்பிடுங்க' என்று அழைத்து அச்சொல்லை அதன் நாவுக்குப் பழக்குகின்றனர். மற்றொரு முறையும் உண்டு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தை சொல்ல வேண்டியதைத் தாயே 'தாத்தா, வாங்க' என்று சொல்லிவிடுவாள். வந்தவர் அவளுக்கு மாமனாராக இருக்கலாம். ஆயினும் அந்த நொடியில் அவள் குழந்தையின் வாயாக நின்று 'தாத்தா' என்கிறாள். இவ்வாறு குழந்தை முறைப்பெயரையும் வினையீற்றையும் ஒருங்கே கற்கின்றது.

சிறு குழந்தைகளிடம் பேசும்போது ஈறுகள் தலைகீழாகப் புரள்வதையும் காணலாம். பெண் குழந்தையை 'வாடா கண்ணா', 'என்னடா செல்லம்' என்று ஆண்பாலில் அழைப்பது சென்னையில் நாள்தோறும் கேட்கும் வழக்கு. இதைப் பிழையென்று சொல்லும் இலக்கணப் பற்றுடையார் உளர். ஆனால் இலக்கண நூலாரே இதற்கு இடம் அளித்துள்ளனர். உவப்பு முதலிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வருவதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் இயல்பென்று ஏற்றுக்கொள்கிறார். ஒருவன் மகிழ்ச்சி மிகுதியால் தன் பசுவைத் தாய் என்று கூறுவதை நாம் வழுவமைதிக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கிறோம் அன்றோ? பெண்மகவை 'டா' என்பதும் அவ்வகையே. இன்னும் ஒன்று. ஆண் குழந்தையை 'வாப்பா' என்றும் பெண் குழந்தையை 'வாம்மா' என்றும் அழைக்கும்போது, பெற்றோருக்கு உரிய பெயர்களையே பிள்ளைக்குத் தருகிறோம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால் 'பெயரன்' என்பதே பேரன் ஆயிற்று என்பர். மாமனார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள், அப்பெயரிட்ட தன் மகனை அப்பெயரால் அழைக்க இயலாமல் 'அப்பா' என்றே அழைத்த வீடுகள் முன்னாளில் இருந்தன.

ஆனால் 'டா', 'டி' என்பவற்றுக்கு எல்லை உண்டு. நம் வீட்டுப் பிள்ளை, நன்கு பழகிய பிள்ளை ஆகியோரிடம்தான் அவை அன்பாகும். பூங்காவில் தொலைந்து நிற்கும் முன்பின் அறியாத சிறுவனை 'யாரடா நீ?' என்றால் அவன் அஞ்சி அழுவான். 'தம்பி, உன் பெயர் என்னப்பா?' என்றால் விடை கூறுவான். பிறர் வீட்டுப் பெண்ணை 'டி' என்பது எந்த வயதிலும் வசையாகவே கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டிற்குத் திரும்புவோம். சிறுமி வீடு திரும்பும் வழியில், தெருமுனையில் பூ விற்கும் அம்மையார் இருக்கிறார். பல ஆண்டுகளாக அவ்வீட்டுக்கு நாள்தோறும் பூக் கொடுப்பவர். வயது ஐம்பதுக்கு மேல். இங்குத்தான் கடினமான கேள்வி எழுகின்றது. வீட்டுப் பெரியவர்கள் அவரை 'வா', 'கொடு' என்றே பேசி வந்திருக்கிறார்கள். அவரோ சிறுமியையும் 'வாங்க பாப்பா' என்கிறார். பன்னிரண்டு வயதுக்கு 'வாங்க'வும் ஐம்பது வயதுக்கு 'வா'வும்! மூத்தோரை உயர்த்துவதே தமிழ் மரபு என்று நாம் பெருமையோடு கூறிக்கொள்கிறோம். ஆனால் அந்த மரபு சாதியின் முன்னும் பணத்தின் முன்னும் நீண்ட காலம் தலைகவிழ்ந்து நின்றது என்பதை மறைப்பதில் பயனில்லை. நிலத்தில் உழைத்த முதியவரை நிலக்கிழார் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி 'வாடா' என்று அழைத்ததும், அம்முதியவர் அச்சிறுவனை 'வாங்க சின்ன ஐயா' என்று வணங்கி நின்றதும் நம் ஊர்களில் நடந்தவையே. ஈறு வயதைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தது.

1925ஆம் ஆண்டில் தோன்றிய சுயமரியாதை இயக்கம் எதிர்த்தவற்றுள் இத்தகைய பேச்சின் ஏற்றத்தாழ்வும் அடங்கும். அவ்வியக்கத்தார் ஒருவரையொருவர் 'தோழர்' என்று அழைத்தனர். தனித்தமிழ் உணர்ச்சியும் சேர்ந்து வளர்ந்த அக்காலத்தில், 'நமஸ்காரம்' வழங்கிய மேடைகளில் 'வணக்கம்' பரவிற்று. அச்சொல்லுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதற்கு ஈறு மாறுவதில்லை. அமைச்சருக்கும் 'வணக்கம்', வாயிற்காவலருக்கும் 'வணக்கம்'. மேலோர் கீழோர் என்று பிரித்துக் காட்ட இயலாத சொல் அது. வீட்டுக்குள் அச்சொல் இன்றும் நன்கு நுழையாமைக்கும் அதுவே காரணம் போலும். வீட்டில் நாம் ஒவ்வொருவரையும் வேறுபடுத்தியே அழைக்க விரும்புகிறோம்.

பூக்கார அம்மையாரிடம் நம் சிறுமி என்ன சொல்வாள்? 'அக்கா, சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வாங்க' என்று அவள் சொல்லலாம். வீட்டார் வழக்கமாகச் சொல்வதை மாற்றிச் சொல்வது ஒரு சிறுமிக்கு எளிதன்று. பக்கத்தில் நிற்கும் தாயின் முகத்தை அவள் ஒருமுறை பார்க்கவும் கூடும். ஆனால் சென்னை வீடுகளில் இம்மாற்றம் பெரும்பாலும் இளையோர் வாயிலாகவே வந்துள்ளது. பாட்டி 'வா' என்ற பணிப்பெண்ணைத் தாய் 'வாம்மா' என்கிறாள். பேத்தி 'வாங்க அக்கா' என்கிறாள். மூன்று தலைமுறையில் மூன்று ஈறுகள் ஒரே வீட்டில் ஒரே நாளில் ஒலிப்பதைக் கூர்ந்து கேட்பவர் கேட்கலாம்.

மரியாதை ஈறு எப்போதும் மதிப்பையே காட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நேற்று வரை 'வாடா' என்ற நண்பன் இன்று 'வாங்க, உட்காருங்க' என்றால், அவன் நம்மைத் தூரத்தில் நிறுத்திவிட்டான் என்று பொருள். மனத்தாங்கல் நேர்ந்ததை வேறு எச்சொல்லும் இத்துணை விரைவாக அறிவிக்காது. இதற்கு மாறாகத் தெருச் சண்டையில் முதலில் விழுவது 'ங்க'தான். மிதிவண்டி உரசியவுடன் 'பார்த்துப் போங்க' என்று தொடங்குகிறது. 'நீ பார்த்து வா' என்று விடை வருகிறது. மூன்றாம் சொல்லில் 'டா' வந்துவிடுகிறது. அப்போது அருகிலிருப்போர் 'மரியாதை கொடுத்துப் பேசுங்க' என்பர். உரசலை மறந்து, ஈற்றைக் குறித்தே சண்டை தொடர்வதும் உண்டு.

ஒருவர் நெருக்கமாகச் சொன்னதை மற்றவர் அவமதிப்பாகக் கொள்வதற்கு ஊர் வேறுபாடும் காரணமாகும். அடையாற்றில் இன்று பல மாவட்டத்தாரும் கலந்து வாழ்கின்றனர். கோவைப் பக்கத்தார் 'சரிங்க', 'இல்லீங்க' என்று ஒவ்வொரு சொல்லிலும் 'ங்க' சேர்ப்பர். அவர் செவிக்குச் சென்னையின் பழைய மக்கள் பேசும் 'இன்னாப்பா', 'வா நைனா' என்பன முதலில் திடுக்கிடலாகவே இருக்கும். 'நைனா' என்பது தெலுங்கில் தந்தையைக் குறிக்கும் சொல் என்பதையும், அதைச் சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார் என்பதையும் அறியச் சில நாள் ஆகும். இதற்கு மாறாக, எல்லாரையும் 'வாங்க' என்னும் கோவையார் பேச்சு, சென்னையாருக்குச் சற்று விலகி நிற்பதுபோலத் தோன்றலாம். ஒலி மயக்கமும் உண்டு. பிராமணர் வீடுகளில் 'அவா வந்தா' என்றால் 'அவர்கள் வந்தார்கள்' என்று பொருள். 'அவ வந்தா' என்றால் 'அவள் வந்தாள்' என்று பொருள். ஒரு நெடிலைச் செவி தவறவிட்டால், மூதாட்டியைப் பற்றிச் சொன்னது சிறுமியைப் பற்றிச் சொன்னதாகிவிடும். ஆகையால் ஒருவர் சொன்னது அவமதிப்பா என்று ஐயம் எழுந்தால், ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், அவர் தம் வீட்டாரிடமும் அவ்வாறே பேசுகிறாரா என்று கவனிப்பது நலம். தம்மவரிடம் 'வாங்க' என்று பேசி நம்மிடம் மட்டும் 'வா' என்றால்தான் அதில் உள்நோக்கம் உண்டு.

விடைபெறும்போது தேர்வு எளிது. செல்பவர் எவராயினும் 'போகிறேன்' என்று தனித்துச் சொல்வதில்லை. 'போய்வருகிறேன்' என்றே சொல்வர். திரும்பி வருதலைச் சேர்த்துச் சொல்லாவிடில் அது அமங்கலம் என்று கருதுவர். வீட்டில் இருப்பவர், முதியவராயின் 'போய்வாருங்கள்' என்றும், தோழியாயின் 'போய்வா' என்றும் விடை கூறுவர். கொலுவுக்கு வந்த நான்கு வயதுச் சிறுவன், கை நிறையச் சுண்டலோடு வாயிலில் நின்று, எல்லாரையும் பார்த்து 'போயிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டுத் தானே படியிறங்கிப் போவான். சொல்ல வேண்டியதை மாற்றிச் சொன்னான். ஈற்றைச் சரியாகச் சொன்னான்.